ஆளைச் சொல்லாதீங்க, பில் நம்பரைச் சொல்லுங்க

கணக்குப் பிரிவில் சக ஊழியர் செய்த தப்பால் உங்கள் வேலை நின்றால், பேச்சை "நீங்க" என்று தொடங்காமல் பில் நம்பரில் தொடங்குங்கள். என்ன பதிவாகியிருக்கிறது, அதனால் உங்களிடம் எது நிற்கிறது, எப்போதுக்குள் என்ன வேண்டும்: இந்த வரிசை போதும்.

"சார், பில் 214-ல 1,18,000 இருக்கு, டேலியில 1,81,000-ன்னு ஏறியிருக்கு. 63,000 வித்தியாசத்தால பார்ட்டி லெட்ஜர் ஒத்துவரல, ஸ்டேட்மென்ட் அனுப்ப முடியாம நிக்குது. 4 மணிக்குள்ள திருத்தித் தர முடியுமா?"

எண்ணும் இடமும் கையில் இருந்தால் எதிராளி உடனே பில்லைத் திறந்து பார்ப்பார். "கவனமா போடக் கூடாதா?" என்றால் பதிலுக்குச் சமாதானம்தான் வரும், திருத்தம் வராது. "ஏன் இப்படி ஆச்சு?" என்பதும் அப்போது வேண்டாம், அது விசாரணை மாதிரி கேட்கும். பேசுவதற்கு முன் மூல பில்லை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். தனியாகச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.

அதே தப்பு மூன்றாவது முறையும் வந்தால் இந்த வழி உதவாது. தேதிகளோடு நேராகவே சொல்ல வேண்டும். தப்பான தொகை வங்கியிலிருந்து போயேவிட்டது என்றால், அவரிடம் சொன்ன கையோடு மேலாளரிடமும் சொல்லிவிடுங்கள்.