ஐ.பி.ஏ. மெய்யொலி அட்டவணையில் வெற்றுக் கட்டங்களையும் படிப்பது எப்படி?

ஐ.பி.ஏ. எனப்படும் சர்வதேச ஒலியெழுத்து முறையின் மெய்யொலி அட்டவணையைப் புதிதாகப் பார்ப்பவர்கள், எழுத்து இருக்கும் கட்டங்களை மட்டும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். எழுத்தே இல்லாத கட்டங்களும் நிறையச் சொல்கின்றன. அட்டவணையின் வண்ணப் படம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு தொடருங்கள். சாம்பல் நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும், அது முக்கியம்.

படி 1: திசையைப் பிடியுங்கள்

இடமிருந்து வலமாகப் போனால் உதட்டில் தொடங்கிக் குரல்வளையில் முடிகிறோம். ஒவ்வொரு நெடுவரிசையும் வாயில் ஓர் இடம். மேலிருந்து கீழே வரும் வரிசைகள் காற்றை என்ன செய்கிறோம் என்று காட்டுகின்றன: முழுதாக அடைப்பது, மூக்கு வழியே விடுவது, உரச விடுவது, இப்படி.

ஒரு கட்டத்துக்குள் இரண்டு எழுத்து இருந்தால் இடப்பக்கம் இருப்பது குரல்நாண் அதிராத ஒலி, வலப்பக்கம் இருப்பது அதிரும் ஒலி. தொண்டையில் விரலை வைத்து s, z இரண்டையும் நீட்டிச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

படி 2: ஒரு நெடுவரிசையை முழுதாகப் படியுங்கள்

நமக்கு எளிது நாமடி ஒலிகளின் வரிசை, அதாவது நாக்கு நுனியை மேலே மடித்துச் சொல்பவை. மேலிருந்து வருவோம். 'பட்டம்' என்பதில் வரும் ட ʈ, 'வண்டி'யில் வரும் ட ɖ. அடுத்த வரிசையில் ண, அதாவது ɳ. அது கட்டத்தின் வலப்பக்கம் இருக்கிறது, இடப்பக்கம் காலி. குரலில்லாத, அதாவது குரல்நாண் அதிராத மூக்கொலி முடியாது என்று இதற்குப் பொருளில்லை. பர்மிய மொழியில் அப்படிப்பட்ட மூக்கொலிகள் உண்டு. தனி எழுத்துக்குப் பதில் அடியில் சிறு வளையம் போட்டு m̥ என்று எழுதிவிடுகிறார்கள்.

இன்னும் கீழே போனால் ழ (ɻ), அதற்கும் கீழே ள (ɭ). ண-வுக்கும் ழ-வுக்கும் இடையில் இரண்டு கட்டங்கள் முழுக்கக் காலி: ஒன்று நாக்கு படபடவென்று அதிரும் ஆடொலி, மற்றொன்று நாக்கின் ஓரங்களில் காற்று உரசும் மருங்குரசொலி. இரண்டும் வெள்ளை நிறம்.

படி 3: வெள்ளைக் கட்டம் என்றால் என்ன?

எழுத்து ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். மேலே சொன்ன இரண்டு ஒலிகளும் நீலகிரியில் பேசப்படும் தோடா மொழியில் இருக்கின்றன! மருங்குரசொலிக்கு ꞎ என்ற குறிகூடப் புழக்கத்தில் உண்டு, முதன்மை அட்டவணையில்தான் இடமில்லை.

வெள்ளைக் கட்டம் பின்னால் நிரம்பவும் செய்யலாம். கீழுதடு மேற்பல்லைத் தட்டிவிட்டு வரும் ஒலி நடு ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் உண்டு. 2005-இல்தான் அதற்கு ⱱ என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். அதற்கு முன்பும் அந்த ஒலியை மக்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

படி 4: சாம்பல் கட்டம்

இங்கே நிலைமை வேறு. மனித உறுப்புகளால் இந்த ஒலியை எழுப்ப முடியாது என்று கருதப்படுகிறது. காரணத்தை உங்கள் வாயிலேயே சோதிக்கலாம்.

'ம்ம்ம்' என்று நீட்டிக்கொண்டே மூக்கைப் பொத்துங்கள். ஒலி நின்றுவிடும். மூக்கொலிக்கு வாய் அடைபட வேண்டும், காற்று மூக்குக்கு ஏற வேண்டும். மூக்குக்குப் போகும் வழி பிரிவது மெல்லண்ணத்துக்குப் பின்னால். அடைப்பை அதற்கும் கீழே, தொண்டையிலோ குரல்வளையிலோ போட்டால் காற்று அந்தப் பிரிவு வரை வரவே வராது. ஆகவே மூக்கொலி வரிசையில் தொண்டை, குரல்வளைக் கட்டங்கள் இரண்டும் சாம்பல்.

பின்னண்ண ஆடொலி சாம்பலாக இருப்பதற்குக் காரணம் வேறு. நாக்கின் பின்பகுதி கனமானது, நுனியைப் போல அதிராது. ஆனால் பக்கத்துக் கட்டத்தில் ʀ இருக்கிறதே என்றால், அங்கே அதிர்வது உள்நாக்கு.

படி 5: பாதிக் கட்டங்களைக் கவனியுங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. காற்றை முழுதாக அடைத்துவிடும் வெடிப்பொலி வரிசையின் கடைசிக் கட்டத்தில் இடப்பாதியில் ʔ, வலப்பாதி சாம்பல். ʔ என்பது குரல்நாண்களை இறுக மூடும் ஒலி. மூடியிருக்கும்போதே அவை அதிரவும் வேண்டும் என்றால் நடக்காது.

அதற்கு முந்தைய தொண்டைக் கட்டத்தில் எழுத்தே இல்லை, ஆனால் இடப்பாதி வெள்ளை, வலப்பாதி சாம்பல். குரலில்லாமல் அங்கே காற்றை அடைக்க முடியும். குரலோடு என்றால், குரல்நாண்களைத் தாண்டி வரும் காற்று தங்க அடைப்புக்குக் கீழே இடம் மிகக் குறைவு, உடனே நிரம்பி அதிர்வு நின்றுபோகும்.