படிப்புக் குழுவில் தினப் பதிவு தொடங்க ஒரு இரண்டு நிமிடப் பேச்சு

எங்கள் உயர்தரக் கணிதப் பிரிவுக் குழு ஞாயிறு ரியூசன் முடிந்துதான் கூடும். இடையில் யார் எந்தக் கணக்கில் நிற்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. அதற்காக வாட்ஸ்அப்பில் நாளுக்கு ஒரு செய்தி போட்டு, அதன் கீழே எல்லாரும் பதில் எழுதும் முறையைக் கொண்டுவந்தோம். குழுவைச் சம்மதிக்க வைத்த பேச்சை எப்படி அமைப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

1. குறையைச் சொல்லித் தொடங்குங்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு சம்பவம் போதும். நான் சொன்னது: "போன கிழமை சடத்துவத் திருப்பக் கணக்கில நாலு பேர் ஒரே இடத்தில நிண்டிருக்கிறம். எந்த அச்சைப் பற்றி எடுக்கிறது எண்டதுதான் பிரச்சினை. செவ்வாய்க்கிழமையே ஆராவது எழுதியிருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்கும்."

2. விதிகளைச் சொல்லுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

"காலையில ஒராள் திகதியோட செய்தி போட்டு, அதை pin பண்ணி 24 மணித்தியாலம் குழுவின்ர உச்சியில நிக்க வைப்பார். நாங்கள் இரவு பத்துக்கு முன்னம் அதுக்கு ரிப்ளை பண்ணி மூண்டு வரி எழுதுவம்: செய்தது, நிண்ட இடம், நாளைக்குச் செய்யப்போறது."

"'பௌதிகவியல் படிச்சன்' எண்டு எழுதவேண்டாம். 'பல்தேர்வில முதல் 25, ஏழாவதும் பதினெட்டாவதும் பிழை' எண்டு எழுதுங்கோ. அப்பதான் மற்றாக்கள் உதவலாம்."

மூன்றாவது விதியில் கொஞ்சம் நின்று பேசுங்கள், பெரும்பாலும் இங்கேதான் முறை உடைகிறது. ஒருவர் இரண்டு நாள் விடுவார். திரும்பி வரும்போது விளக்கம் எழுத வேண்டும் என்று நினைப்பார், அதை எழுதத் தள்ளிப்போடுவார், பிறகு வரவே மாட்டார். பதில்கள் "மன்னிக்கவும்" என்று தொடங்கினால் இது ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "விட்ட நாளுக்குக் காரணம் எழுதவேண்டாம், அதை நிரப்பவும் வேண்டாம். அண்டைக்குரியதை மட்டும் எழுதுங்கோ. ஏன் எழுதேல்லை எண்டு குழுவில ஒருத்தரும் கேக்கக்கூடாது." மூன்று நாள் சத்தமில்லை என்றால் நெருங்கிய நண்பர் தனியாக அழைத்துக் கதைக்கலாம்.

3. "சம்மதமா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள், அடுத்த நாள் எழுத மாட்டார்கள். "இப்பவே போனை எடுத்து இண்டைக்குரியதை எழுதுவம். ரெண்டு கிழமை செய்துபாத்து வேணுமோ வேண்டாமோ எண்டு முடிவெடுப்பம்" என்று முடியுங்கள். பேச்சு முடியும்போதே முதல் பதிவுகள் வந்துவிடும்.

இதற்கென்று தனிக் குழு வைப்பதுதான் நல்லது. அரட்டைக் குழுவில் போட்டால் மதியத்துக்குள் பதில்கள் புதைந்துவிடும். கூகுள் ஷீட் எனக்குப் பிடிப்பதில்லை. வெறும் கட்டங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால், விட்டவர் இன்னும் கூச்சப்படுவார்.

பிறகு சேர்த்தது: கைபேசி அம்மாவிடம்தான் இருக்கும், இரவில் கிடைக்காது என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அப்படியானவர்கள் மூன்று வரியைக் கொப்பியில் எழுதி, அடுத்த நாள் வகுப்பில் ஒரு தோழியிடம் காட்டினால் போதும். தோழி அதைப் படம் எடுத்து, எழுதியவரின் பெயரோடு அன்றைய செய்திக்கு ரிப்ளையாகப் போடலாம். ஒரு நாள் பிந்தினாலும் "நிண்ட இடம்" குழுவுக்குத் தெரிந்துவிடும்.