காவடிச் செய்தி எழுதுவது எப்படி: சாதி, மதம், உடல்நிலை பற்றிய சொற்கள்

டர்பன் பக்கம் கோயில் மலருக்கோ தமிழ்ச் சங்கத்தின் பக்கத்துக்கோ புதிதாகச் செய்தி எழுத வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் காவடித் திருவிழாதான். பயிற்சிக்காக நான் கட்டிய ஒரு பத்தியை எடுத்துத் திருத்திப் பார்ப்போம்.

“தைப்பூசத்தன்று பிள்ளை சாதியைச் சேர்ந்த ஒரு பெண், சக்கர நாற்காலியில் முடங்கிக் கிடந்தும் மனம் தளராமல் காவடி எடுத்தார். பக்தி வெறியில் பலர் அலகு குத்தி உடலை வதைத்துக்கொண்டனர். இந்துக்களும் தமிழர்களும் திரளாக வந்திருந்தனர்.”

படி 1: சாதி. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் பிள்ளை. எழுதியவர் கையில் இருக்கும் ஆதாரம் அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் பிள்ளை, நாயுடு, கவுண்டர், படையாச்சி எல்லாம் தலைமுறைகளாகக் குடும்பப் பெயர்களாகவே ஓடுகின்றன. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து வந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்கு வந்தார்கள். பலர் அப்பா பெயரோடு மட்டும் பதிவானார்கள். குடும்பப் பெயர் பின்னால் ஒட்டியது. ஆகவே இன்றைய பெயரிலிருந்து சாதியை ஊகிப்பது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, தகவல் பிழையும்கூட.

கப்பல் பட்டியல்களில் சாதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. பரம்பரைக் கதை எழுதும்போது அது பயன்படும். ஆனால் அது எழுத்தர் கேட்டு எழுதிக்கொண்டது. சொன்னவர் மாற்றிச் சொல்லியிருக்கலாம், எழுத்தருக்குச் சரியாகப் புரியாமலும் போயிருக்கலாம். “அவர் இன்ன சாதி” என்று எழுதாமல், “கப்பல் பட்டியலில் இன்ன சாதி என்று பதிவாகியிருக்கிறது” என்று எழுதுங்கள். அந்தக் காலத்து மனிதரைப் “பட்டியல் சாதி” என்றும் எழுதாதீர்கள். அது 1930களில் இந்தியச் சட்டத்தில் வந்த வகைப்பாடு. கடைசிக் கப்பல் வந்தது அதற்கு வெகு முன்பு.

இதற்காக, சாதியே செய்தியாக இருக்கும் இடத்தில் அதை மறைக்கக் கூடாது. ஒரு திருமணத்தைச் சாதி சொல்லி நிறுத்தினார்கள் என்றால், நிறுத்தியது யார், என்ன சொன்னார்கள் என்பதை எழுதத்தான் வேண்டும். அங்கே “குடும்பப் பிரச்சினை” என்று மழுப்பினால், பாதிக்கப்பட்டவருக்கு இன்னொரு அநியாயம் செய்கிறோம். தென்னாப்பிரிக்கப் பத்திரிகை நெறிமுறையும் இதையேதான் கேட்கிறது: இனம், மதம், உடற்குறை போன்றவற்றை இழிவாகச் சொல்லக் கூடாது, செய்திக்கு நேரடித் தொடர்பும் பொது நலனும் இருந்தால் மட்டுமே விலக்கு.

நம் காவடிச் செய்திக்குச் சாதி தேவையே இல்லை. எடுத்துவிடுங்கள்.

படி 2: சக்கர நாற்காலி

“முடங்கிக் கிடந்தும்” என்பது உண்மையைத் தலைகீழாக்குகிறது. அவர் நாற்காலியால் முடங்கவில்லை, அதில்தான் ஊர்வலம் வந்தார். “மனம் தளராமல்” என்று அவர் சொன்னாரா? இல்லையென்றால் அது நம் இரக்கம், அவருடைய செய்தி அல்ல. “சக்கர நாற்காலி பயன்படுத்தும்” என்றால் போதும். அதுவும் செய்திக்குப் பொருந்தினால்தான். இங்கே பொருந்துகிறது, ஏனென்றால் கோயில் வாசலில் 4 படிகள், சாய்தளம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்: அவருடைய உடலைப் பற்றி 2 வரி எழுதுவார்கள், படியைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டார்கள். எண்ணிப் பாருங்கள், நிர்வாகியிடம் கேளுங்கள். பொதுப்படச் சொல்ல “மாற்றுத்திறனாளி” எனலாம். தன்னை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று அவரே சொன்னால் அதுவே முந்தும்.

படி 3: வழிபாடு

கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்: நாக்கில் சிறு வேல், முதுகில் கொக்கிகளில் தொங்கும் எலுமிச்சம்பழங்கள். கண்ணுக்குத் தெரியாததை நம்புகிறவர் வாயால் சொல்லுங்கள்: “அருள் வந்தது என்கிறார்.” “வெறி”, “வதை” இரண்டும் எழுதுபவரின் தீர்ப்பு.

“இந்துக்களும் தமிழர்களும்” என்பது இந்த ஊர்ப் பேச்சு. இங்கே பலர் தங்கள் சமயத்தையே “தமிழ்” என்று சொல்வார்கள், வட இந்திய வழியினரை “இந்து” என்பார்கள். ஒருவர் வாய்மொழியாக வந்தால் அப்படியே மேற்கோளில் போடுங்கள். நம் வாக்கியத்தில் வந்தால், தமிழ்க் கிறிஸ்தவர்களும் தமிழ் முஸ்லிம்களும் தமிழர் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

படி 4: சேர்த்து எழுதுதல்

“தைப்பூசத்தன்று சக்கர நாற்காலியில் காவடியுடன் ஊர்வலம் வந்த பெண் ஒருவரை, சாய்தளம் இல்லாததால் வாசலின் 4 படிகளில் உறவினர்கள் தூக்கிச் சென்றனர். சாய்தளம் எப்போது வரும் என்று கேட்டதற்கு, இன்னும் முடிவாகவில்லை என்றார் நிர்வாகி. பலர் நாக்கில் வேல் குத்தி நேர்த்திக்கடன் செலுத்தினர்.”

அச்சுக்குப் போகும் முன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவரைப் பற்றிய வரியை மட்டும் படித்துக் காட்டுங்கள். “ஆன்ட்டி, உங்களப் பத்தி இப்படி எழுதியிருக்கேன், தப்பு ஏதும் இருக்கா?” என்றால் போதும். உறவினர்கள் தூக்கியதை எழுத வேண்டாம் என்று அவர் சொல்லக்கூடும். அப்போது அந்த வரியை எடுத்துவிட்டு, படிகளையும் நிர்வாகியின் பதிலையும் அப்படியே வையுங்கள்.