விடுப்பு அறிவிப்பில் மேலாளர்கள் செய்யும் தவறுகள்

"அடுத்த வாரம் விடுப்பில் இருப்பேன், அவசரமென்றால் மூத்த அலுவலரைத் தொடர்புகொள்ளவும்" என்று எழுதிவிட்டுக் கிளம்பும் மேலாளர், யாரைக் கேட்பது என்று சொல்கிறாரே தவிர, யார் முடிவெடுப்பது என்று சொல்வதில்லை. பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இப்படி ஓர் அறிவிப்பு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலாளர் ஊரில் இல்லாத நாளில், வார்ப்பு உதிரிகள் தருபவர் திங்கள் முதல் விலை உயர்வதாகவும் இன்றே ஆர்டர் உறுதியானால் பழைய விலையே என்றும் சொன்னால், மூத்த அலுவலருக்கு விவரம் முழுவதும் தெரிந்திருந்தாலும், கையெழுத்திடத் தமக்கு அதிகாரம் உண்டா என்பது தெரியாததால் அவர் காத்திருப்பார், விலை ஏறிவிடும்.

அந்த அறிவிப்பு இப்படி இருந்திருக்கலாம்: "மார்ச் 10 முதல் 19 வரை விடுப்பு, 20 காலை பணிக்குத் திரும்புவேன். அதுவரை கொள்முதல் முடிவுகளை மூத்த அலுவலர் எடுப்பார். ரூ.2 லட்சம் வரையிலான ஆர்டர்களில் அவருடைய ஒப்புதலே இறுதியானது. அதற்கு மேற்பட்டவையும், புதிய விற்பனையாளரைச் சேர்ப்பதும் தொழிற்சாலை மேலாளரிடம் செல்லும். பணியாளர் மதிப்பீடு மட்டும் நான் வரும்வரை காத்திருக்கும்." தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆனால் தாமாக முடிவெடுக்கக்கூடியது, மேலே செல்ல வேண்டியது, காத்திருக்க வேண்டியது என்ற மூன்றும் பிரிந்து நிற்க வேண்டும். விடுப்பின் காரணத்தை எழுத வேண்டிய கட்டாயமில்லை.

ஒருவர் மனம் கோணக்கூடாது என்று இருவர் பெயரைச் சேர்த்துக் குறிப்பிடுவது இன்னொரு தவறு. இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்ப்பார்கள், அல்லது முதலாமவர் மறுத்ததைக் குழுவினர் இரண்டாமவரிடம் கேட்டு வாங்கிவிடுவார்கள். பணியைப் பிரித்து, விலை பற்றியவை ஒருவரிடம், சரக்கு வரவு பற்றியவை மற்றவரிடம் என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது. பொறுப்பேற்பவரும் தம் பெயரை அறிவிப்பில்தான் முதன்முறையாகப் பார்க்கும்படி விடக்கூடாது. நிலுவையிலுள்ள பேச்சுவார்த்தைகளை முன்னதாகவே அவருடன் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பலர் கவனிக்காதது, ஒப்புதல் மென்பொருள். அறிவிப்பில் அதிகாரம் கொடுத்துவிட்டு, கணினியில் அதை மாற்றாமல் போனால், ஆர்டர்கள் விடுப்பிலுள்ளவரின் கணக்கிலேயே தேங்கி நிற்கும். கடைசியில் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லும் நிலை வரும், அது தணிக்கையில் தனிச் சிக்கலாகும். மாற்று ஒப்புதலாளரைத் தேதியோடு பதிவு செய்து, ஒரு சிறிய ஆர்டரை அனுப்பிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

"எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்" என்ற வரி பரிவாகத் தோன்றினாலும், பொறுப்பாளரின் முடிவுக்கு மேல் ஒரு முறையீட்டு வழியைத் திறந்துவிடுகிறது. அழைக்க வேண்டிய சூழல்கள் இருந்தால் அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அப்போதும் அழைப்பவர் பொறுப்பாளராகவே இருக்கட்டும் என்று எழுதலாம். குழுவினர் நேரடியாக அழைத்தால், பதில் சொல்லாமல் அவரிடமே திருப்பியனுப்ப வேண்டும். திரும்பி வந்த பின், விடுப்பில் எடுக்கப்பட்ட முடிவு பிடிக்கவில்லையென்றால் அதைப் பொறுப்பாளரிடம் தனியே பேசலாம். குழுவின் முன் ரத்து செய்தால், அடுத்த விடுப்பில் பொறுப்பேற்பவர் எதிலும் கையெழுத்திடமாட்டார்.