கன்பூசியமும் தாவோயியமும்: ஓர் ஒப்பீட்டு அட்டவணையை வகுப்பில் உருவாக்குவது எப்படி?

இந்து சமயம், பௌத்தம், சமணம், சீக்கியம் ஆகியவற்றை மட்டுமே படித்த மாணவர்களுக்குச் சீனச் சிந்தனையை அறிமுகம் செய்யும்போது பெரும்பாலான ஆசிரியர்கள் ஓர் அட்டவணையில் தொடங்குகிறார்கள். தலைப்புகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: கடவுள், புனித நூல், வழிபாட்டிடம், மறுபிறவி, முத்தி. கன்பூசியத்துக்குக் கீழே வரிசையாக "இல்லை, இல்லை" என்று நிரம்பும். "அப்படியென்றால் அது நாத்திகமா?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும்.

நாத்திகம் அல்ல. முன்னோருக்குப் படைக்கும்போது அவர்கள் எதிரே இருப்பதைப் போலவே கன்பூசியஸ் படைத்தார் என்று அவருடைய உரையாடல்களைத் தொகுத்த 'லுன்யூ' சொல்கிறது. ஐம்பது வயதில் வானத்தின் ஆணையை அறிந்துகொண்டதாக அவரே அதில் கூறுகிறார். பதில்களில் பிழை நுழைவதற்குக் காரணம் தலைப்புகள். அவை நமக்குப் பழகிய சமயங்களின் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டைகள். அதனால் தலைப்புகளை முதலில் மாற்றுவோம்.

படி 1: மூன்று நிரல்கள் போதும்

முதல் நிரலுக்கு "இந்தியச் சமயங்கள்" என்று பெயரிடாதீர்கள். சைவரும் சமணரும் ஒரே கட்டத்தில் அடங்கமாட்டார்கள். மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு மரபை மட்டும் வையுங்கள். என் தேர்வு பௌத்தம். அதில் மாணவர்கள் அறிந்த கதைகள் உண்டு; பிற்காலத்தில் அதே மரபு சீனாவுக்கும் சென்றது. இரண்டாம் நிரல் கன்பூசியஸ் (கி.மு. 551–479). மூன்றாம் நிரலில் "தாவோயியம்" என்று பொதுவாக எழுதாமல், கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த தாவோயியச் சிந்தனையாளரான சுவாங்ட்சுவின் பெயரை எழுதுங்கள். அவருடைய நூலில் கதைகள் உண்டு. தாவோயியத்தின் மற்றொரு அடிப்படை நூலான, லாவோட்சுவின் பெயரில் வழங்கும் 'தாவோ தே ஜிங்' 81 சிறு அத்தியாயங்கள் கொண்டது. ஆழமான நூல்தான், ஆனால் அதில் கதை இல்லை. தொடக்க வகுப்பு அதில் வழுக்கி விழும்.

படி 2: தலைப்புகளுக்குப் பதிலாக நிகழ்ச்சிகள்

நிரைகளில் கோட்பாட்டுப் பெயர்கள் வேண்டாம். "நெருங்கியவர் இறந்தால்", "பதவி தேடி வந்தால்", "இறந்த பின் என்ன என்று கேட்டால்" என்ற மூன்று நிகழ்ச்சிகளை எழுதுங்கள். எந்த மரபும் இவற்றுக்கு "இல்லை" என்று பதில் சொல்ல முடியாது.

படி 3: முதல் நிரையை வகுப்போடு சேர்ந்து நிரப்புங்கள்

இந்த நிரைக்கு ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்குங்கள். கிசா கோதமியிடமிருந்து தொடங்கலாம். இறந்த குழந்தையோடு வந்தவளை, சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். அப்படி ஒரு வீடு கிடைக்கவில்லை. எல்லாருக்கும் சாவு உண்டு என்று உணர்ந்த அவள் துறவுச் சங்கத்தில் சேர்ந்தாள்.

அடுத்து கன்பூசியஸ். பெற்றோருக்கு மூன்றாண்டுத் துக்கம் காப்பது அன்றைய விதி. மூன்று ஆண்டுகள் ஒதுங்கியிருந்தால் மற்ற சடங்குகளும் இசையும் பாழாகும், பழைய தானியம் தீர்ந்து புதியது வந்துவிடுகிறது, ஆகவே ஓராண்டே போதும் என்று வாதிட்டார் சாய் வோ என்ற சீடர். கன்பூசியஸ் திருப்பிக் கேட்டார்: ஓராண்டிலேயே அரிசிச் சோறு உண்டு பட்டாடை உடுத்தினால் உன் மனம் ஒப்புமா? "ஒப்பும்" என்றார் சீடர். "அப்படியானால் செய்துகொள்" என்றார் கன்பூசியஸ். சாய் வோ வெளியேறிய பிறகுதான் கன்பூசியஸின் வருத்தம் வெளிப்பட்டது: குழந்தை பெற்றோரின் கையணைப்பை விட்டு இறங்கவே மூன்று ஆண்டுகள் ஆகின்றனவே, இவனுக்கு அந்த அன்பு கிடைக்கவில்லையா? இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விதியை மீறினால் தண்டனை என்றோ, இறந்தவரின் ஆவிக்குக் குறை வரும் என்றோ அவர் சொல்லவில்லை. சடங்கு உள்ளத்துக்குப் பொருந்துகிறதா என்றே கேட்டார். பிற்காலத்தில் இது அரசு விதியாகவும் ஆனது. சிங் வம்ச அதிகாரி ஒருவர் பெற்றோர் இறந்தால், மூன்றாம் ஆண்டு வரை நீளும் 27 மாதங்கள் பதவியை விட்டு விலக வேண்டியிருந்தது.

இனி சுவாங்ட்சு. மனைவி இறந்த செய்தி கேட்டு நண்பர் ஹுயிட்சு துக்கம் விசாரிக்கப் போகிறார். இவரோ காலை அகட்டி உட்கார்ந்து, ஒரு பாத்திரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். உன்னோடு வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்து முதுமை அடைந்தவள். அழாமல் இருப்பது போதாதென்று பாட்டு வேறா என்று நண்பர் கடிந்துகொண்டார். சுவாங்ட்சு சொன்ன பதில் இது: முதலில் எனக்கும் துயரம்தான். பிறகு தொடக்கத்தை எண்ணிப் பார்த்தேன். உயிரும் உருவமும் இல்லாத ஒரு காலம் இருந்தது. மாற்றம் நிகழ்ந்து உருவம் வந்தது, உயிர் வந்தது. இப்போது இன்னொரு மாற்றம். பருவங்கள் மாறுவதற்கு யாராவது அழுவார்களா?

படி 4: மற்ற இரண்டு நிரைகளையும் சேர்த்தால்

| நிகழ்ச்சி | பௌத்தம் | கன்பூசியஸ் | சுவாங்ட்சு |
|---|---|---|---|
| நெருங்கியவர் இறந்தால் | நிலையாமையை உணர்ந்து பற்றை விடு | உறவுக்குரிய துக்கத்தை முழுமையாகக் காத்துக்கொள் | மாற்றத்தோடு ஒத்துப்போ |
| பதவி தேடி வந்தால் | சித்தார்த்தர் அரண்மனையை விட்டார் | நல்லாட்சிக்காகப் பல நாடுகளில் தாமே பதவி தேடினார் | மறுத்துவிட்டு மீன்பிடிப்பைத் தொடர்ந்தார் |
| இறந்த பின் என்ன? | வினைக்கேற்ற மறுபிறப்பு. ஆசை அற்றால் நிப்பானம் என்னும் விடுதலை | வாழ்வையே அறியாதபோது சாவை எப்படி அறிவது? | வேறொன்றாக மாறலாம் |

படி 5: பிழை எங்கே வரும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

மூன்றாம் நிரலில்தான் வரும். இரண்டாம் நிரையைப் பார்த்ததும் "சுவாங்ட்சு ஒரு துறவி" என்று எழுதுவார்கள். கதையை முழுவதும் சொன்னால் இது தீரும். சூ நாட்டு மன்னரின் தூதர்கள் வந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்க அழைத்தபோது அவர் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இறந்து மூவாயிரம் ஆண்டுகளாகக் கோயிலில் பட்டில் பொதிந்து வைத்திருக்கும் ஆமையாக இருப்பது மேலா, உயிரோடு சேற்றில் வாலை இழுத்துத் திரிவது மேலா என்று கேட்டார். சேற்றில் திரிவதே மேல் என்றார்கள் தூதர்கள். அப்படியானால் போய் வாருங்கள் என்றார் இவர். சித்தார்த்தர் பிறப்பு இறப்பிலிருந்து விடுபட வெளியேறினார். இவர் வாழ்க்கையைத் தன் போக்கில் வாழவே மறுத்தார். மனைவி, மக்கள், மீன்பிடிப்பு எதையும் விடவில்லை.

மூன்றாம் நிரையிலும் இதே சிக்கல் உண்டு. அவருடைய நூலில், சாகக் கிடக்கும் ஒருவனை நண்பன் கேட்கிறான்: அடுத்து இயற்கை உன்னை எலியின் ஈரலாக்குமோ, பூச்சியின் காலாக்குமோ? மாணவர்கள் உடனே "மறுபிறவி" என்பார்கள். செய்த வினைக்கு எலிப்பிறவி தண்டனையா என்று கேளுங்கள். கதையில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை. ஈரல் ஆவது தாழ்வும் அன்று. வினைப்பயன் இல்லாத இடத்தில் "மறுபிறவி" என்ற சொல்லை அழித்துவிடச் சொல்லுங்கள்.

படி 6: நிரல்களுக்கு நடுவே உள்ள கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்றுங்கள்

இதைத் தவிர்த்தால், சீனாவில் கன்பூசியர் ஒரு பிரிவினர், தாவோயியர் இன்னொரு பிரிவினர் என்று வகுப்பு முடிவுகட்டிவிடும். அலுவலகத்தில் கன்பூசியஸைப் பின்பற்றிய அதிகாரியே ஓய்வில் சுவாங்ட்சுவைப் படிப்பதும், வீட்டுச் சாவுக்குப் பௌத்தத் துறவிகளை அழைப்பதும் அங்கே இயல்பாக இருந்தது. அட்டவணையின் எல்லையையும் கீழே ஒரு வரியில் குறியுங்கள்: சீன நிரல்கள் இரண்டும் பௌத்தம் அங்கே நுழைவதற்கு முந்தைய நூல்களைப் பற்றியவை. கி.பி. 142இல் சாங் தாவோலிங் தொடங்கியதாக மரபு சொல்லும் வானக ஆசான்கள் நெறி முதலாக வளர்ந்த, பூசாரிகளும் தெய்வங்களும் சடங்குகளும் உள்ள தாவோயியம் இந்த அட்டவணையில் இல்லை. அதற்குத் தனியாக ஒரு பாடம் வேண்டும்.

படி 7: ஒரே ஒரு கேள்வியால் சோதியுங்கள்

"சாய் வோ தன் கேள்வியைச் சுவாங்ட்சுவிடம் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?" அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். "ஓராண்டு போதும் என்று சாய் வோவை ஆதரித்திருப்பார்" என்று எழுதிய மாணவர் அட்டவணையை மட்டும் படித்திருக்கிறார். எத்தனை ஆண்டு என்று விதி வகுப்பதையே சுவாங்ட்சு ஏற்கமாட்டார் என்று எழுதியவர் கதையைப் படித்திருக்கிறார். அவரும் முதலில் துயரப்பட்டார் என்பதையும் ஒருவர் சேர்த்து எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள்.