பேய் வீட்டுக் கதையில் பத்திரம் எங்கே?

பாளையங்கோட்டையில் என்னைத் தேடி வந்து கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களில் பலர் இப்போது காத்திக் நாவல்தான் எழுதுகிறார்கள். பழைய வீடு, பூட்டிய அறை, புதிதாக வந்து சேரும் மருமகள், ராத்திரி மச்சில் கேட்கும் காலடி. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்திருநகரி என்று களம் மாறுகிறது. தடுமாறும் இடம் மட்டும் மாறுவதில்லை. எழுத வந்த புதிதில் நானும் அங்கேதான் தடுமாறினேன். வர்ணனை நீளுவது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் மழை பெய்வது போன்றவை எழுத எழுதத் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அரண்மனை தேடிப் போவது

ஜமீன் அரண்மனை வேண்டாம். இன்னும் அடுப்பு எரிகிற வீடு போதும்.

யாருக்கும் நஷ்டமில்லாத ரகசியம்

இதுதான் பெரிய தவறு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. நல்ல மொழியும் நல்ல களமும் கையில் இருக்கிறவர்கள் முந்நூறு பக்கத்தை இதில்தான் வீணாக்குகிறார்கள்.

ஒரு தம்பி கொண்டுவந்த நாவலையே சொல்கிறேன். தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, மச்சு என்று நீளும் வீடு. புறவாசலில் கல் பலகை போட்டு மூடிய கிணறு. சென்னையிலிருந்து வந்த மருமகளுக்கு ராத்திரியானால் கிணற்றடியில் வளையல் சத்தம் கேட்கிறது. கடைசியில் கிணற்றைத் திறக்கிறார்கள். உள்ளே எலும்புகள். பூட்டன் காலத்தில் அந்த வீட்டு விதவை ஒருத்தியைக் கொன்று உள்ளே போட்டிருக்கிறார்கள். எல்லோரும் அழுகிறார்கள், சாந்தி பூஜை நடக்கிறது, சத்தம் நின்றுவிடுகிறது.

“பேய் பத்தலையோ அண்ணாச்சி?” என்று கேட்டான்.

“பேயெல்லாம் போதும்லே. பத்திரம் எங்க?” என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

எலும்பு வெளியே வந்ததால் அந்த வீட்டில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் குறையவில்லை. யார் சம்பந்தமும் முறியவில்லை. கொன்றவனும் செத்துவிட்டான், கொல்லப்பட்டவளும் செத்துவிட்டாள். அந்தக் கொலையால் இன்று சாப்பிடுகிறவர்கள் யார் என்று நாவல் கேட்கவே இல்லை. அப்படிப்பட்ட ரகசியத்தை யாரும் பூட்டிவைக்க மாட்டார்கள். வெளியே வந்தால் எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்கிற பயம்தான் ஓர் அறையைத் தலைமுறை தலைமுறையாகப் பூட்டி வைக்கும்.

காத்திக் நாவல் பிறந்தபோதே இந்தப் பயத்தோடுதான் பிறந்தது. ஹொரேஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட ‘ஒட்ராண்டோ கோட்டை’யை முதல் காத்திக் நாவல் என்பார்கள். வானத்திலிருந்து ராட்சதத் தலைக்கவசம் விழுந்து கல்யாண மாப்பிள்ளை நசுங்கிச் சாவது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது ஏன் விழுந்தது என்பதை மறந்துவிடுவார்கள். கோட்டையை ஆளும் மான்ஃபிரெட்டின் தாத்தா, உண்மையான பிரபுவான அல்ஃபோன்சோவுக்கு விஷம் வைத்துக் கொன்று, பொய் உயில் ஒன்றைக் காட்டிச் சொத்தைப் பிடித்தவர். ஆவி அங்கே வருவது வாரிசு வழக்கைப் பேசத்தான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதில் உட்கார உரிமை உண்டா என்பது அன்றைய பிரபுக் குடும்பங்களின் நெஞ்சில் இருந்த கேள்வி. வால்போல் அதற்குத் தலைக்கவசம் மாட்டிவிட்டார்.

நதானியேல் ஹாதோர்ன் 1851-இல் எழுதிய ‘ஏழு கூரைமுக வீடு’ இதை இன்னும் துல்லியமாகச் செய்கிறது. நம் ஊர்க்காரர்கள் படிக்க வேண்டிய நாவல் அதுதான் என்பேன். மாத்யூ மால் என்கிற ஏழைக்கு நல்ல ஊற்றுத் தண்ணீரோடு ஒரு சின்ன மனை இருக்கிறது. கர்னல் பின்சன் என்கிற பெரிய மனிதர் அதில் கண்வைக்கிறார். மால் ஒரு மந்திரவாதி என்று குற்றம் சாட்டி அவரைத் தூக்கில் போடுகிறார்கள். அந்தக் கூச்சலில் கர்னலின் குரலும் உரக்கக் கேட்டது. மனை கைக்கு வந்ததும் கர்னல் அங்கே வீடு கட்டுகிறார். ஊற்றுத் தண்ணீர் உப்புக்கரிக்க ஆரம்பிக்கிறது. புதுமனை புகுவிழா நாளன்று கர்னல் நாற்காலியில் பிணமாகக் கிடக்கிறார். தண்ணீர் கெட்டது, சாபம், பிணம் எல்லாம் நம் தம்பி எழுதியவைதான். வித்தியாசம் அடுத்து வருகிறது. அந்த வீட்டைக் கட்டிய தலைமைக் கொத்தனார் தூக்கிலிடப்பட்டவரின் மகன். பின்சன் குடும்பம் பெரும் நிலம் ஒன்றுக்கான பத்திரத்தைத் தலைமுறைகளாகத் தேடுகிறது. அதைக் கர்னலின் படத்துக்குப் பின்னால் சுவரில் குழி வைத்து மறைத்தது அந்த மகன்தான். பத்திரம் கடைசியில் கிடைக்கும்போது அந்த நிலத்தில் வேறு ஆட்கள் குடியேறி உழுது வெகுகாலமாகிவிட்டது. அதற்கு மதிப்பே இல்லை. பறித்தவன் குடும்பமும் பறிகொடுத்தவன் வம்சமும் அதுவரை ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். ஹாதோர்னின் சொந்த முன்னோர் ஒருவர் 1692 சேலம் சூனிய வழக்குகளில் நீதிபதியாக உட்கார்ந்தவர். ஹாதோர்ன் யாரைப் பார்த்துப் பயந்தார் என்பது அந்த வீட்டுக்குள் தெரிகிறது.

இப்போது தம்பியின் கிணற்றுக்கு வருவோம். எலும்பைத் தொட வேண்டாம், வருஷத்தை மட்டும் மாற்றலாம் என்றேன். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதுவரை கணவன் சொத்தை உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்க மட்டுமே உரிமை பெற்றிருந்த விதவை, அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவால் முழு உரிமையாளர் ஆனாள். விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். பாகம் பிரிந்த அண்ணன் இறந்துபோக, அண்ணி புறவாசல் அறையில் இருக்கிறாள். அவளுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் கட்டிக் கொடுத்த ஒரு மகள். ஆற்றுப்பாசன வயலும் பாதி வீடும் அந்த மகளுக்குப் போய்விடும் என்று கொழுந்தனுக்கு முதல்முறையாகப் பயம் வருகிறது. அண்ணி அந்தப் புரட்டாசியில் கிணற்றில் விழுந்து சாகிறாள். தவறி விழுந்ததாக ஊருக்குச் சொல்கிறார்கள். அடுத்த தை மாதம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘அண்ணி’ நேரில் வந்து, சொத்தைக் கொழுந்தனுக்கு எழுதிக் கொடுத்துக் கைநாட்டு வைக்கிறாள். வந்தவள் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். இன்னார்தான் இவர் என்று அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளும் ஊர்ப் பெரியவர்கள்.

இந்த ரகசியம் எப்படி வெளியே வரும்? கிணற்றைத் தோண்ட வேண்டியதே இல்லை. இன்றைய பேரன்கள் வீட்டை விற்கப் பார்க்கிறார்கள். வாங்க வருகிறவர் வில்லங்கச் சான்றிதழும் தாய்ப்பத்திரமும் கேட்கிறார். பத்திரத்தில் இருப்பது 1957 தை. மருமகள் மச்சில் பழைய பெட்டியைக் குடையும்போது பெரியாச்சியின் கருமாதிப் பத்திரிகை கிடைக்கிறது. அதில் 1956 புரட்டாசி. செத்து நாலு மாதம் கழித்து ஒருத்தி கைநாட்டு வைத்திருக்கிறாள். வளையல் சத்தம் கேட்ட இடத்தைவிட அந்த இரண்டு தேதிகளும் ஒரே மேஜையில் கிடக்கும் இடத்தில் வாசகனுக்கு வயிறு கலங்கும். ஸ்ரீவைகுண்டத்து மகளின் மகள், ஒவ்வொரு கோயில் கொடைக்கும் வந்து ஒரு சேலையை வாங்கிக்கொண்டு போகிற அந்த அத்தை, அப்போது கீழே பட்டாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ரகசியம் சரியாக அமைந்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. அது வெளிப்பட்ட மறுநாள் காலை அந்த வீட்டில் யாருடைய பெயர் எந்தக் காகிதத்திலிருந்து அடிபடும் என்று எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றுமில்லை என்றால் நாவல் இன்னும் தொடங்கவில்லை.

வெள்ளைச் சேலை, மல்லிகைப்பூ வாசம்

வேண்டாம்.

பேயை ஒளித்துவைப்பது

இங்கிலாந்துக் கதையில் ஆவி யார் என்பது கடைசியில் தெரியும். நெல்லைச் சீமையில் அகாலமாகக் கொல்லப்பட்டவர்களை ஊர் மறைப்பதில்லை. பீடம் கட்டி, படையல் போட்டு, கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டில் கதையை முழுக்கப் பாடவைக்கிறது. யார் கொன்றது, எங்கே வெட்டியது என்பதெல்லாம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டனுக்கும் பொம்மக்கா, திம்மக்காவுக்கும் இடம் உண்டு. பிராமணனான பட்டன் சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, மாடு காக்கப்போன இடத்தில் கொல்லப்பட்ட கதை அது. ஆகவே “அந்த உருவம் யார்?” என்கிற மர்மத்தை வைத்து இங்கே பக்கம் ஓட்ட முடியாது.

ஆனால் பாடப்படுகிற கதைக்குள்ளேயே மறைப்பு நடக்கும். முத்துப்பட்டன் கதையின் சில வடிவங்களில், அந்தப் பெண்கள் உண்மையில் காட்டில் விடப்பட்ட பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று வரும். சாதி மாறிய கல்யாணத்தைப் பார்த்து வந்த பயம் அந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே எழுதுகிறவர் கேட்க வேண்டியது, பாட்டில் எந்த இடம் எப்போது, யாருக்காக மாறியது என்பதை. கணியான்கூத்தோ வில்லுப்பாட்டோ தெரிந்த பெரியவர் ஒருவர் பழைய பாடத்தைப் பாடிவிடுகிற ராத்திரியில் ஒரு முழு நாவலே இருக்கிறது.

திரையை விலக்கி மெழுகுப் பொம்மையைக் காட்டுவது

ஆன் ராட்கிளிஃப் 1794-இல் எழுதிய ‘உடோல்ஃபோ மர்மங்கள்’ நாவலில் எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். வெகுநேரம் கழித்து அது மெழுகுருவம் என்று தெரியும்போது வாசகர்கள் அன்றிலிருந்து இன்றுவரை முகம் சுளிக்கிறார்கள். இருந்தும் அந்த நாவல் நிற்கிறது. காரணம், எமிலியின் அத்தையைப் பூட்டிவைத்துச் சொத்தில் கையெழுத்துக் கேட்கிற மாண்டோனி மெழுகு இல்லை. அத்தை கையெழுத்துப் போடாமலே சாகிறாள், பிறகு அவன் எமிலியிடம் கேட்கிறான். அண்ணன்மார் நீட்டுகிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த தங்கைகளுக்கு இந்த இடத்தை யாரும் விளக்க வேண்டாம். சத்தத்துக்குக் காரணம் மரநாய் என்று நீங்கள் விளக்கினாலும் பரவாயில்லை, உள்ளே மாண்டோனி இருந்தால்.

வேலைக்காரர்களை அலறவைக்க மட்டும் கூப்பிடுவது

புதியவர்கள் எழுதுவதில் வேலைக்காரி பேயை முதலில் பார்த்து ஓடுவாள், அதோடு அவள் வேலை முடிந்தது. காத்திக் வீட்டில் சாவி அவளிடம்தான் இருக்கும். ‘ஜேன் அயர்’ நாவலில் மூன்றாம் மாடியில் வீட்டு எஜமானின் முதல் மனைவியைக் காவல் காப்பவள் சம்பளத்துக்கு இருக்கும் கிரேஸ் பூல். வீட்டின் உண்மை அவளுக்குத் தெரியும், புதிதாக வந்த ஜேனுக்குத் தெரியாது.

தம்பியின் நாவலிலும் பாத்திரம் தேய்க்கிறவள் ஒருத்தி இருந்தாள், நான் கைநாட்டு வைக்கச் சொன்னது அவளைத்தான். அவளுக்குப் பெயர்கூட வைக்காமல் வந்திருந்தான். அவள் விரல் ரேகை இன்றும் பதிவு அலுவலகக் கட்டுக்குள் இருக்கும். அதற்குக் கூலியாக என்ன வாங்கினாள்? பணமா, வாய்க்கால் கரையில் பட்டா இல்லாத ஒரு குடிசை இடமா, இல்லை மகன் மேல் இருந்த கடனா? இடம் என்றால் அவள் பேரன்கள் இன்றும் அங்கேதான் இருப்பார்கள், வீடு விற்றால் முதலில் காலி செய்யச் சொல்வது அவர்களைத்தான். முதல் அத்தியாயத்தை அந்தக் குடிசையிலிருந்து திருப்பி எழுதிக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.