மடிப்பை மறைக்கப் போய் முகத்தை மாற்றிவிடாதீர்கள்: பழைய குடும்பப் படத்தைச் சீரமைக்கும்போது நேரும் தவறுகள்

பழைய படத்தின் ஸ்கேனைத் திறந்ததும் கை நேராக முகத்துக்குத்தான் போகும். கன்னத்தின் குறுக்கே ஓடும் கீறலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஆனால் இந்த வேலையில் முகத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். நான் பார்த்த வரையில் பாழான படங்களில் பாதிக்கு மேல் வரிசை மாறியதால் பாழானவை.

ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளைப் படம், 9க்கு 13 சென்டிமீட்டர். நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் நிற்கும் பாட்டி, பின்னால் வெறும் திரை. படம் மங்கி மஞ்சளாகிவிட்டது. யாரோ இரண்டாக மடித்து வைத்திருந்ததில், செங்குத்தாக ஒரு மடிப்பு தாத்தாவின் இடது கன்னம், சட்டைக் காலர், கோட்டு என்று இறங்குகிறது. அது போக எங்கும் சின்னக் கீறல்கள்.

முதல் தவறு ஸ்கேனிலேயே நடந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் எடுத்து, JPEG-ஆகச் சேமித்துவிடுகிறார்கள். வண்ணத்தில் எடுங்கள். மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பு ஒளியை அவ்வளவாகத் தொடாது. வண்ண ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களையும் தனித்தனியே பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: நம் படத்தின் நீலச் சேனலில் திரை முழுக்கத் திட்டுத்திட்டாகக் கறை, சிவப்புச் சேனலில் அதே திரை ஏறக்குறைய சுத்தம். அந்தச் சிவப்புச் சேனலை வைத்தே கறுப்பு வெள்ளைப் படத்தை அமைத்தால் கறையை எடுக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். சில படங்களில் இது தலைகீழாக இருக்கும். கறை இல்லாமல் படத்தின் கருமையே வெளிறி மஞ்சள் பழுப்பாகியிருந்தால், மிச்சமிருக்கும் விவரம் நீலச் சேனலில்தான் அழுத்தமாகத் தெரியும். அதனால் மூன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கிரேஸ்கேலில் எடுத்துவிட்டால் பார்ப்பதற்கே ஒன்றும் இருக்காது.

நுணுக்கம் 600 டிபிஐ போதும். குழுப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள முகம் 300-இல் சுமார் 118 பிக்சல்தான் வரும், 600-இல் 236. கண் இமைக்கு மேல் கீறல் போயிருந்தால் இந்த வித்தியாசம்தான் உங்களைக் காப்பாற்றும். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் படம் என்றால் 1200 வைக்கலாம். ஒரு சேனலுக்கு 16 பிட், கோப்பு TIFF. ஸ்கேனர் தானாகச் செய்யும் கூர்மை, தூசி நீக்கம், வண்ணத் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை செய்த மாற்றத்தை அப்புறம் பிரித்தெடுக்க முடியாது.

மடிப்புள்ள படத்துக்கு இன்னொன்றும் செய்யலாம். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்து சாய்வாக விழுவதால், மடிப்பு மேட்டின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் நிழலாகவும் பதியும். படத்தை 180 டிகிரி திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்து, அதைக் கணினியில் நேராக்கி, முதல் ஸ்கேனின் மேல் லேயராக வைத்து, ஒளிபுகாமையை 50 சதவீதம் ஆக்குங்கள். இரண்டிலும் நிழல் எதிரெதிர்ப் பக்கம் விழுந்திருப்பதால் ஒன்றையொன்று தணித்துவிடும். ஃபோட்டோஷாப்பில் இரண்டையும் பொருத்த `Auto-Align Layers` இருக்கிறது. பொருத்தம் ஒரு பிக்சல் தவறினாலும் முகம் மங்கும், பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மடிப்பைச் சரிசெய்கிறேன் என்று அசல் படத்தைப் பின்பக்கமாக வளைப்பதோ ஈரத்துணி வைத்து அழுத்துவதோ கூடாது. விரிசல் விட்ட மேற்பூச்சு செதிலாகக் கழன்று வரும்.

அடுத்தது வெளிறலைச் சரிசெய்வது. இங்கே `Auto` பொத்தானை அழுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அது ஏன் ஏமாறுகிறது என்று பாருங்கள். மடிப்பில் மேற்பூச்சு உடைந்து உள்ளிருக்கும் வெள்ளைத் தாள் தெரிகிறது. படத்தைச் சுற்றிலும் வெள்ளைக் கரை வேறு. `Auto` அந்த வெள்ளையைப் படத்தின் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். தாத்தாவின் சட்டை சாம்பலாகவே நின்றுவிடும்.

அதனால் கரையை விட்டுவிட்டு உள்ளே படத்தை மட்டும் தேர்வு செய்து `Levels` திறங்கள். அதில் வரும் வரைபடத்தில் இடது முனை 0 கறுப்பு, வலது முனை 255 வெள்ளை; நம் படத்தில் அதன் மேடு 72-இல் தொடங்கி 206-இல் முடிகிறது. அதற்கு வலது பக்கம் மெல்லிய வாலாக நீள்வது விரிசலின் வெள்ளை, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கறுப்பு முனையை 68 பக்கமும் வெள்ளை முனையை 210 பக்கமும் கொண்டுவந்து, முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து நடு முனையை நகர்த்துங்கள். மேட்டுக்கு உள்ளேயே முனைகளைத் தள்ளினால் படம் பளிச்சென்று ஆகும், பார்க்க நன்றாகக்கூட இருக்கும். ஆனால் கோட்டின் மடிப்புகள் ஒரே கறுப்பாகிவிடும். ஃபோட்டோஷாப்பில் `Alt` அழுத்தியபடி முனையை நகர்த்தினால் எந்த இடம் அடிபடுகிறது என்று திரையிலேயே தெரியும். விரிசல் மட்டும் அடிபட்டால் பரவாயில்லை, சட்டையோ நெற்றியோ அடிபட்டால் பின்வாங்குங்கள்.

16 பிட் ஏன் என்பதும் இங்கேதான் புரியும். 72 முதல் 206 வரை மொத்தம் 135 படிகள். 8 பிட் கோப்பில் இந்த 135-ஐ 256-ஆக இழுத்தால் நடுநடுவே ஓட்டை விழும், பின்னால் இருக்கும் திரையில் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் இழுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது.

வண்ணப் படம் என்றால் அதன் சாயங்கள் ஒரே வேகத்தில் வெளிறியிருக்காது. அதனால் `Levels`-ஐ ஒவ்வொரு சேனலுக்கும் தனியே செய்ய வேண்டும்.

கீறலை எடுத்துவிட்டு அப்புறம் வெளிறலைப் பார்க்கலாமே என்று கேட்கலாம். அது அடுத்த தவறு. மங்கலான படத்தில் ஒட்டுப்போட்டால் ஒட்டு தெரியாது. பிறகு கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும்போது ஒவ்வொரு ஒட்டும் திட்டாக எழுந்து நிற்கும். வெளிறலைச் சரிசெய்வது முதலில், ஒட்டு பிறகு.

ஃபோட்டோஷாப்பில் `Levels`-ஐ அட்ஜஸ்ட்மென்ட் லேயராக மேலே வையுங்கள், ஒட்டுப்போடும் வெற்று லேயர் அதற்குக் கீழே. ஒட்டுப்போடும் `Healing Brush`, `Clone Stamp` கருவிகளின் `Sample` அமைப்பை `Current & Below` என்று வைக்க வேண்டும். `All Layers` வைத்தால் மேலே உள்ள `Levels`-இன் விளைவோடு நகலெடுத்து, அதன் மேல் மறுபடி `Levels` விழும். ஒட்டின் நிறம் சுற்றியுள்ள இடத்தோடு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள். கிம்ப்பில் வேலை செய்கிறவர்கள் படத்தின் லேயரை நகலெடுத்து, நகலில் `Levels` முடித்து, அதை இன்னொரு முறை நகலெடுத்து அதில் ஒட்டுப்போடுங்கள். எதுவானாலும் அசல் லேயரின் மேல் நேரடியாக வரையக் கூடாது.

சரி, கீறல்களுக்கு வருவோம். முழுப் படத்துக்கும் மங்கல் ஃபில்டர் போட்டுக் கீறலை மறைப்பவர்கள் உண்டு. கீறல் போகும், அதோடு படத்தின் துகள்தன்மையும் போய்விடும். முகம் மெழுகு பொம்மை போல ஆகும். கீறலை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். முதலில் படத்தின் பின்திரையில் `Healing Brush` வைத்துத் தொடங்குங்கள், அங்கே தவறினாலும் நஷ்டமில்லை. கீறல் 8 பிக்சல் அகலம் என்றால் தூரிகை 12 இருக்கட்டும். நீளமாக ஒரே இழுப்பில் இழுக்காமல், சின்னச் சின்னதாக, ஒவ்வொரு முறையும் புதிய இடத்திலிருந்து மாதிரி எடுத்துப் போடுங்கள். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் ஒரே புள்ளிக்கூட்டம் திரும்பத் திரும்ப வரும், கண் அதை உடனே பிடித்துவிடும்.

மடிப்பு காலரைக் கடக்கும் இடம்தான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். வெள்ளைக் காலருக்கும் கறுப்புக் கோட்டுக்கும் நடுவே `Healing Brush` ஓட்டினால், அது சுற்றியுள்ள நிறத்தைக் கலந்து பூசும். கோட்டின் கறுப்பு காலருக்குள் கசிந்து அழுக்குப் போலாகும். இந்த மாதிரி விளிம்பில் `Clone Stamp` எடுங்கள். காலரின் விளிம்பில், மடிப்புக்குச் சற்றுத் தள்ளி, சரியாக அந்த விளிம்பின் மீதே `Alt` அழுத்தி மாதிரி எடுத்து (கிம்ப்பில் `Ctrl`), மடிப்பின் மேல் அதே விளிம்பு தொடரும்படி வைத்து ஓரிரு பிக்சல் மட்டும் பூசுங்கள். விளிம்பு கோணலாக வந்தால் `Ctrl+Z`, மறுபடி. விளிம்பு ஒட்டிய பிறகு, இரு பக்கமும் மிச்சமிருக்கும் வெற்று நிறத்துக்கு `Healing Brush` தாராளமாகப் பயன்படும்.

கடைசியாக முகம். நான் ஒருமுறை தாத்தாவின் காதோரம் இருந்த கறுப்புப் புள்ளியைத் தூசி என்று நினைத்து எடுத்துவிட்டேன். அத்தை படத்தைப் பார்த்ததும், "அப்பாவோட மச்சம் எங்கடா?" என்றார். அதற்கப்புறம் முகத்தில் எதை எடுத்தாலும் பெரிதாக்கிப் பார்ப்பேன். கீறலின் ஓரம் வெட்டினாற்போல இருக்கும், முகத்தைத் தாண்டி வெளியேயும் போகும், உள்ளே படத்தின் துகள் இருக்காது. மச்சத்தின் ஓரம் மெதுவாகக் கரையும், சுற்றியுள்ள துகள் அதற்குள்ளும் தொடரும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், அதே ஆளின் வேறு படத்தைத் தேடிப் பாருங்கள்.

மடிப்பு கண்ணையே தின்றிருந்தால், மறு கண்ணை நகலெடுத்துத் திருப்பி ஒட்டுவது பரவலான வழக்கம். இதைச் செய்யாதீர்கள். இரண்டு கண்களும் யாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, கண்ணில் விழும் ஒளிப்புள்ளியும் திரும்பி எதிர்ப் பக்கம் போய்விடும். முகம் சீராக இருக்கும், ஆனால் அது அவர் முகமாக இருக்காது. மிஞ்சியிருக்கும் இமைக் கோட்டை மட்டும் தொடர்ந்துவிட்டு, தெரியாத பகுதியை மங்கலாகவே விடலாம். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

கூர்மையாக்குவது எல்லாம் முடிந்த பிறகு, அதுவும் லேசாக. `Unsharp Mask` ஆரம் 1 பிக்சல் போதும். முதலிலேயே செய்தால் ஒவ்வொரு கீறலுக்கும் வெள்ளை ஓரம் முளைத்து வேலை இரட்டிப்பாகும்.

வேலையை முடிக்கும்முன் 100 சதவீதப் பார்வையில், ஒட்டு லேயரின் கண் குறியை அணைத்து அணைத்துப் போடுங்கள். கீறல் மட்டும் வந்து வந்து போக வேண்டும். தாத்தாவின் வாயோரமோ கன்னத்துச் சதையோ அசைந்தால், அந்த இடத்து ஒட்டை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். லேயர்களோடு உள்ள கோப்பும் தொடாத TIFF-உம் தனித்தனியே இருக்கட்டும், உறவினருக்கு அனுப்ப மட்டும் ஒரு JPEG.